பாலீர்ப்பைப் படிவத்தில் கேட்க வேண்டாம்

தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினருக்கு ஆலோசனை தரும் மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் குழுவுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது முதல் பக்கத்துக்காகத்தான். முதல் நாள் நிரப்பச் சொல்லும் படிவத்தில் "பாலீர்ப்பு" என்று, அதாவது எந்தப் பாலினத்தவர் மீது ஈர்ப்பு என்று கேட்கும் ஒரு கட்டம் வைக்கலாமா, கூடாதா? வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் வைக்கச் சொல்கின்றன. கேட்காமல் விட்டால் இவரும் எல்லாரையும் போலத்தான் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம், அது தப்பு என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் சரி. ஆனாலும் நம் ஊரில் அந்தக் கட்டம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நம் கிளினிக்கில் அந்தப் படிவத்தை நிரப்புவது யார்? பெரும்பாலும் அப்பா, இல்லையென்றால் அக்கா. பையனோ பெண்ணோ பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். "திருமணம் ஆனவரா, கணவர் அல்லது மனைவி பெயர் என்ன" என்ற வரிகளுக்கு அடுத்து பாலீர்ப்பு என்று ஒரு கட்டம் இருந்தால், அப்பா தானே ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அல்லது "இது என்னடா?" என்று அங்கேயே விசாரணை தொடங்கும். இரண்டுமே நாம் பார்க்க வேண்டியவரின் வாயை அடைத்துவிடும்.

ஆகவே காகிதத்தில் பெயர், வயது, எப்படி அழைக்கப்பட விரும்புகிறார், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம், எந்த எண்ணில் நாங்கள் அழைத்தால் பிரச்சினை இல்லை, இவை போதும். மீதியை அறைக்குள், தனியாக, வாய்வழியாகக் கேட்கலாம். அதிலும் வரிசை முக்கியம். ரகசியம் எதுவரை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேள்வி அதற்குப் பிறகுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து உருவாக்கியது, யாரையும் குறிப்பதல்ல. 23 வயதுப் பையன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பெண் பார்க்கப் போகலாம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று அம்மாவும் தாய்மாமாவும் அழைத்து வருகிறார்கள். முதல் 10 நிமிடம் அவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். அப்புறம், "எங்கள் வழக்கப்படி எல்லாரிடமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுவோம்" என்று அவர்களை வெளியே உட்காரச் சொல்கிறோம். "எல்லாரிடமும்" என்பது உண்மையாக இருக்க வேண்டும். சந்தேகப்படுகிறவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், தனியாக அழைப்பதே குடும்பத்துக்கு ஒரு தகவலாகிவிடும்.

கதவு சாத்தியதும் சொல்ல வேண்டியதைக் கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறோம்: "நீங்கள் இங்கே பேசுவது நம்மிடையே இருக்கும். உங்கள் அம்மா கேட்டாலும் நீங்கள் சம்மதிக்காமல் சொல்ல மாட்டேன். உங்கள் உயிருக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றாலும், நீதிமன்றம் உத்தரவிட்டாலும் தேவையானதை மட்டும் சொல்ல வேண்டி வரும். அப்படி வந்தால் முடிந்தவரை முதலில் உங்களிடம் சொல்வேன்." 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, இந்த உரிமையைத் தருகிறது. விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கின்றன.

இதற்குப் பிறகு, "உங்கள் வாழ்க்கையில் நெருக்கமானவர் யாராவது இருக்கிறாரா? அவரைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்கலாம். "கேர்ள்ஃபிரண்ட் இருக்கிறாளா?" என்று கேட்டால் பையன் "இல்லை" என்பான். அது பொய்யும் அல்ல. ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவன் ஒரு ஆணின் பெயரைச் சொன்னால் முகத்தில் எதுவும் காட்டாமல், "எவ்வளவு நாளாகப் பழக்கம், அவர் எப்படி இருக்கிறார்?" என்று தொடர வேண்டும். தன்னை 'கே' என்கிறானா, தன்பாலீர்ப்பாளர் என்கிறானா, எதுவுமே சொல்லாமல் விடுகிறானா, அது அவன் விருப்பம். அவன் சொல்லாத பெயரை நாம் ஒட்ட வேண்டாம்.

இனி ஃபைல். என் அனுபவத்தில் ரகசியம் கசிவது மருத்துவரின் வாயிலிருந்து குறைவு, காகிதத்திலிருந்துதான் அதிகம். மருந்துச் சீட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறது, பிறகு வீட்டு அலமாரிக்குப் போகிறது. அதில் மருந்தும் அளவும் தவிர வேறு எதுவும் வேண்டாம். கேஸ் ஷீட்டில் எழுதுமுன், "இதை எழுதட்டுமா, எப்படி எழுதலாம்?" என்று அவனையே கேளுங்கள். "திருமண அழுத்தத்தால் ஏற்பட்ட மனச்சோர்வு" என்று எழுதினாலே சிகிச்சைக்குப் போதும், உண்மையும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல், தன் பாலீர்ப்பை மாற்ற விரும்புகிறவருக்கு என்று F66.1 என ஒரு குறியீடு இருந்தது. அடுத்த பதிப்பான ஐசிடி-11 அதை நீக்கிவிட்டது. பழைய மென்பொருளில் அது இன்னும் எட்டிப்பார்க்கும், தேர்ந்தெடுக்காதீர்கள்.

அந்தப் பையன் சாக நினைப்பதாகச் சொல்கிறான் என்று வையுங்கள். இங்கேதான் பல மருத்துவர்கள் பதறிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றாலும் அதைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டுமே சொல்லலாம் என்று சட்டம் சொல்கிறது. "இரண்டு வாரம் தனியாக விடாதீர்கள், மாத்திரையையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், கல்யாணப் பேச்சை நிறுத்துங்கள்" என்பது போதும். அவன் யாரை விரும்புகிறான் என்பது இதில் எந்த வரிக்கும் தேவைப்படவில்லை.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் இன்னொரு சிக்கல். சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணை நிற்கும் நியமனப் பிரதிநிதியாக அவன் யாரையும் எழுதித் தரவில்லை என்றால் சட்டம் உறவினரைத்தான் பிரதிநிதியாக எடுத்துக்கொள்ளும். பிரதிநிதிக்குத் தன் கடமையைச் செய்யத் தேவையான தகவலைத் தரலாம். அதாவது தாய்மாமா கைக்குச் செய்தி போகும் வழி அது. 18 வயது நிரம்பிய யாரும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, தான் நம்பும், 18 வயது நிரம்பிய ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம், அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். இதை நெருக்கடி வருமுன் சொல்லிக்கொடுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நாம் தரும் உறுதிமொழியே வேறு. பாலுறவு நடந்ததாகத் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது கட்டாயம். அளிக்காவிட்டால் நமக்கே தண்டனை உண்டு. அதை முன்கூட்டியே சொல்லாமல் பேசவைத்துவிட்டுப் பிறகு புகார் கொடுப்பது துரோகம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு 16 வயதுப் பெண் இன்னொரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது புகார் கொடுக்க வேண்டிய செய்தியே அல்ல.

தாய்மாமா மறுநாள் போன் செய்வார். "என்னன்னு சொல்லுங்க டாக்டர், மாத்திரையில மாத்திடலாமா?" என்பார். "அவரிடம் பேசுங்கள், அவர் சம்மதித்தால் எல்லாரும் உட்கார்ந்து பேசலாம்" என்பதே பதில். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று யாராவது ஒப்புக்கொண்டால் அது தொழில்முறை ஒழுங்கீனம். 2021 ஜூன் 7 அன்று, ஒரு பெண் இணையர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

அரசு மருத்துவமனை ஓபியில் இதெல்லாம் முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனி அறை இல்லை, ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிசயம். அங்கே முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்பதுதான் என் பதில். திரைக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்கும்போது கேட்டால் அது அக்கறை ஆகாது. பிரஷர் பார்க்க என்று உள்ளே அழைத்து, "தனியாகப் பேச விரும்பினால் இந்த நாளில், இந்த நேரத்தில் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பலாம். ஓபியில் வேலை செய்கிறவர்கள் இதைவிட நல்ல வழி வைத்திருந்தால் கீழே எழுதுங்கள், அந்த அத்தியாயம் இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது.