"சிம்பிளா சொல்றேன் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள்

பழைய கம்பெனியில் நடந்தது. மாதக் கடைசி, சாயங்காலம் ஐந்து மணி. பில்லிங் மொத்தமும் நின்றுவிட்டது. பில் போடுகிறவர் பட்டனைத் தட்டினால் அரை நிமிடம் சுற்றிவிட்டு எரர் வருகிறது. லாகில் இந்த வரி வந்துகொண்டே இருந்தது:

```
HikariPool-1 - Connection is not available, request timed out after 30000ms.
```

எங்கள் மேனேஜர் குடோனில் இருபது வருடம் இருந்துவிட்டு ஆபீஸுக்கு வந்தவர், கோடிங் தெரியாது. என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் உடனே, "சார், சிம்பிளா சொல்றேன், இப்ப ஒரு ஹோட்டல்னு வச்சுக்கோங்க..." என்று ஆரம்பித்தேன். "ஹோட்டல் எனக்குத் தெரியும் தம்பி, பில் ஏன் நிக்குதுன்னு சொல்லு" என்றார். காது சூடாகிவிட்டது. ஆனால் தப்பு என்னுடையதுதான். நாற்பது பேருக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிற மனிதரிடம் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசியிருக்கிறேன்.

அதற்கப்புறம் கதையை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். பில்லிங் புரோகிராம் டேட்டாபேஸோடு பேசுவதற்குப் பத்து இணைப்புகள்தான் வைத்திருக்கிறது. ஒரு பில்லுக்கு ஓர் இணைப்பு ஒரு நொடிக்கும் குறைவாகவே தேவை, எடுத்ததும் திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் சாதாரண நாளில் பத்தே தாராளம். இன்றைக்குப் பத்தும் வெளியே போயிருக்கின்றன, திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். 'இணைப்பு' என்ற வார்த்தைக்குப் பதிலாகக் குழாய், கதவு என்றெல்லாம் வேஷம் கட்டவில்லை.

"யார் எடுத்துட்டுப் போனது?" என்றார். சரியான கேள்வி. திரையை அவர் பக்கம் திருப்பி இதை ஓட்டினேன்:

```sql
SELECT pid, state, now() - xact_start AS age, query
FROM pg_stat_activity
WHERE datname = 'billing' AND pid <> pg_backend_pid();
```

பத்து வரி வந்தது, பத்திலும் `idle in transaction`. வேலை எதுவும் செய்யவில்லை, ஆனால் இணைப்பை விடவும் இல்லை என்று அர்த்தம். சில வரிகளில் மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. எல்லாமே மாதாந்திர ஸ்டாக் ரிப்போர்ட். டேட்டாவை எடுக்க அதற்கு ஆறு நொடிதான் ஆகிறது. ஆனால் நாங்கள் எழுதிய லட்சணம், பிடிஎஃப் செய்து, மெயில் அனுப்பி முடிக்கும்வரை இணைப்பைக் கையிலேயே வைத்திருக்கிறது. கிளைகளில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் கேட்டார்கள், முடிந்தது கதை.

அவரே சொன்னார்: "லோடு ஏத்தி முடிச்ச லாரி பிளாட்பாரத்த விட்டு நகராம, டிரைவர் டீ குடிக்கப் போன மாதிரி." நான் யோசித்து வைத்திருந்த ஹோட்டலைவிட ஆயிரம் மடங்கு பொருத்தம். உவமை அவர் பக்கத்திலிருந்து வரட்டும் என்று நான் இப்போது விட்டுவிடுவது இதனால்தான். வராவிட்டாலும் நஷ்டமில்லை.

ஆனால் உவமை எங்கே உடைகிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். "அப்ப பிளாட்பாரத்த அம்பதாக்கிடு" என்றார். நியாயமாகத்தான் கேட்கிறார். "அது வேற சார்" என்று மழுப்பியிருக்கலாம். இருபதாக்கினால் இன்றைக்குத் தப்பித்துவிடுவோம் என்ற உண்மையை முதலில் ஒப்புக்கொண்டேன். ஆனால் டேட்டாபேஸ் மெஷினில் கோர் நாலுதான். ஐம்பதும் ஒரே நேரத்தில் நிஜமாக வேலை கேட்டால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எல்லாமே மெதுவாகும். பிளாட்பாரத்தைக் கூட்டலாம், லோடுமேன் நாலு பேர்தானே. பெரிய சர்வர் வாங்கலாமா என்றும் கேட்டார். அந்த நேரத்தில் சிபியு பத்து சதவீதம்கூட ஓடவில்லை என்பதைக் காட்டினேன், பேச்சு அதோடு முடிந்தது.

இன்னொன்று, வாக்கியத்துக்கு வாக்கியம் "புரியுதா சார்?" என்று கேட்கிற வியாதி. கேட்பவருக்கு அது பரீட்சை. புரியவில்லை என்று எந்த மேனேஜரும் ஜூனியர் முன்னால் சொல்லமாட்டார், தலையை ஆட்டிவிட்டுப் போய் தப்பான முடிவு எடுப்பார். "இதுல உங்களுக்கு எங்க இடிக்குது?" என்று கேட்டால் நிஜமாகவே இடிக்கிற இடம் வெளியே வரும்.

கடைசியில் நான் கேட்டது இரண்டுதான். டேட்டா எடுத்ததும் இணைப்பை விட்டுவிடுகிற மாதிரி ரிப்போர்ட்டைத் திருத்த இரண்டு நாள் வேண்டும். அதுவரை இரவு ஒன்பதுக்கு மேல்தான் ரிப்போர்ட் என்று கிளைகளுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது அவர் கையில் இருந்தது, உடனே போனை எடுத்தார்.

மறுநாள் காலை எம்.டி. கூப்பிட்டபோது நானும் அறையில் இருந்தேன், என்னைப் பேசச் சொல்வார் என்று தயாராக நின்றேன். சொல்லவில்லை. "பில்லுக்கு இருக்கிறது பத்து கனெக்‌ஷன் சார், அத ரிப்போர்ட் பிடிச்சு வச்சுக்கிச்சு, சர்வர் வாங்கத் தேவையில்ல" என்று அவரே முடித்துவிட்டார். லாரியைக்கூட இழுக்கவில்லை.