திருமண பயோடேட்டாவில் பிறந்த நேரத்தை முதலில் சரிபாருங்கள்

பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்க பயோடேட்டா தயாரிப்பவர்கள் பெரும்பாலும் எழுத்துரு, பார்டர், பிள்ளையார் படம் என்று அழகில்தான் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். என் கருத்து வேறு. எதிர்த்தரப்பு வீட்டில் அந்தத் தாளை வாங்கியதும் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் தேடுவார்கள்: குலதெய்வம், நட்சத்திரம். இந்த இரண்டும் சரியாக இருந்து, கண்ணில் படும் இடத்திலும் இருந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

திருமங்கலம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகளுக்குப் பயோடேட்டா போட்டுத் தரச் சொன்னார். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். விவரங்கள் ஆளுக்கொரு இடத்தில் கிடந்தன. பழைய ஜாதக நோட்டு ஒன்று, பெரியம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய ஆடியோ, மார்க் ஷீட், கம்ப்யூட்டரில் கணித்த ஜாதகப் பிரிண்ட். "ஒண்ணையும் விட்டுறாதப்பா, எல்லாத்தையும் போட்டுரு" என்றார் அக்கா. நான் எதையும் டைப் செய்யாமல், எல்லாவற்றிலும் பிறந்த தேதியை மட்டும் எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

நோட்டில் "28.8.1997 வியாழன் இரவு 2.40" என்று இருந்தது. மாநகராட்சி பிறப்புச் சான்றிதழில் 29.8.1997. கம்ப்யூட்டர் ஜாதகமோ 28ஆம் தேதி அதிகாலை 2.40க்குக் கணிக்கப்பட்டிருந்தது. நம் வழக்கப்படி சூரிய உதயத்தில்தான் கிழமை மாறும். அதனால் வியாழன் பின்னிரவில் பிறந்த குழந்தையை வீட்டுப் பெரியவர்கள் வியாழக்கிழமைப் பிள்ளை என்றே எழுதி வைப்பார்கள். ஆங்கிலத் தேதியோ நள்ளிரவு 12 மணிக்கே மாறிவிடுகிறது. வியாழன் இரவு 2.40 என்றால் அது 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை அதிகாலை. நோட்டில் இருந்த 28ஐயும் 2.40ஐயும் அப்படியே கம்ப்யூட்டரில் கொடுத்ததால் ஜாதகம் ஒரு முழு நாள் முன்னால் போய்விட்டது.

ஒரு நாள்தானே என்று விட முடியாது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கிறது. தவறான தேதிக்குத் திருவாதிரை வந்தது, சரியான தேதிக்குப் புனர்பூசம். இரண்டுக்குமே மிதுன ராசி வந்ததால்தான் அத்தனை நாளும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பொருத்தம் பார்ப்பது நட்சத்திரத்தை வைத்து. பிறக்கும்போது இருந்த திசையும் ராகு திசையிலிருந்து குரு திசையாக மாறிவிடும். தவறான நட்சத்திரத்தை வைத்து எத்தனை வரன்களைத் தட்டிக்கழித்தார்களோ என்று நினைக்கையில் எனக்கு வருத்தமாகவே இருந்தது.

உங்கள் வீட்டில் இதே சிக்கல் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. எழுதி வைத்த கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று அந்த வருடக் காலண்டரில் பாருங்கள். பிறந்த நேரம் நள்ளிரவுக்கும் சூரிய உதயத்துக்கும் இடையில் என்றால் பிறப்புச் சான்றிதழையோ ஆஸ்பத்திரிச் சீட்டையோ தேடி எடுத்தே தீர வேண்டும். பள்ளிச் சான்றிதழை நம்ப வேண்டாம். சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காக அந்தக் காலத்தில் தேதியை மாற்றிக் கொடுத்த வீடுகள் நிறைய. அப்புறம், ஜாதகம் கணித்தது வாக்கியப் பஞ்சாங்கப்படியா திருக்கணிதப் பஞ்சாங்கப்படியா என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள். நட்சத்திரம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு இரண்டிலும் வேறு வேறாக வரலாம்.

இது முடிந்த பிறகு ஏ4 தாளில் பிரிப்பது பெரிய வேலையில்லை. மேலே பெயர், படிப்பு, வேலை, உயரம். அதன் கீழே ஜாதகம்: "29.8.1997, வெள்ளி அதிகாலை 2.40 (வியாழன் பின்னிரவு), மதுரை" என்று யாரும் குழம்ப முடியாதபடி எழுதி, நட்சத்திரம், பாதம், லக்னம், திசை இருப்பு போட்டு, ராசிக் கட்டத்தையும் நவாம்சக் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது குடும்பம். இதில் பூர்வீகமும் குலதெய்வமும்தான் முதல் வரி. எங்கள் பக்கம் பல சமூகங்களில் ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி முறை, சம்பந்தம் பேச முடியாது. அதை அடியில் ஒளித்து வைத்தால் நாலு தடவை போனில் பேசிய பிறகு இரண்டு வீட்டுக்கும் சங்கடம். அடுத்து பெற்றோர், உடன்பிறந்தோர், யாருக்குத் திருமணமாகிவிட்டது, தாய்மாமன் ஊர். கடைசியாக எதிர்பார்ப்பு, இரண்டே வரி.

சொத்து விவரம், நகைக் கணக்கு, வீட்டுக் கதவு எண் எதையும் நான் சேர்க்கவில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் இந்தத் தாள் புரோக்கர் கையிலிருந்து எந்தெந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதே காரணத்துக்காகப் பெண்ணின் செல் எண்ணையும் எடுத்துவிட்டு, அவள் தாய்மாமன் எண்ணைப் போட்டேன். வேர்டு கோப்பாக அனுப்பினால் சில போன்களில் தமிழ் எழுத்து கலைந்துவிடும் என்பதால் பிடிஎஃப் ஆக்கி, என் போனில் திறந்து கட்டத்துக்குள் இருக்கும் எழுத்து படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அக்காவுக்கு அனுப்பினேன்.