கால் சில்லிட்டால் ஒத்தடம் போதுமா?

"திடீர்னு கால் வலிச்சு வெளுத்து சில்லுனு ஆனா, தலையணை மேல உயர்த்தி வெந்நீர் ஒத்தடம் குடுங்க. வலி குறைஞ்சா பயமில்ல."

இப்படிச் சொல்லப்படும் அறிவுரை காலையே பறித்துவிடும். இந்த அறிகுறிகள் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைத்ததைக் காட்டலாம். அப்படி அடைத்த காலை உயர்த்தினால், வந்துகொண்டிருக்கும் கொஞ்ச ரத்தமும் குறையும். மரத்த தோலில் வெந்நீர் பட்டால் கொப்பளித்த பிறகுதான் தெரியும்.

வலி குறைவதுதான் பெரிய ஏமாற்று. ரத்தம் முழுதாக நின்றால் நரம்பும் தசையும் ஏறக்குறைய 6 மணி நேரமே தாங்கும். தோல் அதைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால் பார்வைக்குக் கால் நன்றாகவே இருக்கும். வலி போய் மரத்து, விரலை அசைக்க முடியாவிட்டால் நரம்பு சாகிறது என்று அர்த்தம்.

இதை "ரத்தக்கட்டிதான்" என்று சொல்வது பாதி சரி. ஆனால் கட்டியால் கால் வீங்கிச் சூடானால் அது சிரை அடைப்பு. வெளுத்துச் சில்லிடும் இந்தத் தமனி அடைப்பு வேறு; இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு இதயத்திலிருந்தே கட்டி கிளம்பி வரலாம்.

ரத்தநாள அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும். ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கட்டி வளராமல் தடுக்கும், கரைக்காது. பலூன் குழாய் விட்டு இழுத்தெடுக்க வேண்டியிருக்கும். அடைப்பைத் தாமதமாகத் திறந்தால் செத்த தசையின் பொட்டாசியம் இதயத்தைத் தாக்கலாம், கெண்டைக்கால் தசை வீங்கி, அழுத்தம் குறைய அதன் உறையைக் கீறிவிட நேரலாம்.

நாட்பட்ட அடைப்பு உள்ளவர்களுக்குப் பக்கக்கிளை நாளங்கள் கூடுதல் நேரம் தரலாம். எவ்வளவு என்று வீட்டிலிருந்து யாராலும் கணிக்க முடியாது.