தர்ஜினியின் உயரமும் நம் வீட்டுப் பெண்களும்

இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் என்றதும் நம்மவர்கள் உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே முடித்துவிடுகிறார்கள். "208 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் யாரும் கோல் போடலாம்" என்று வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபமே வந்தது.

வலைப்பந்தாட்டத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தர்ஜினியின் தலைக்கு மேலும் ஏறத்தாழ ஒரு மீற்றர். கூடைப்பந்தாட்டத்தைப் போலப் பின்னால் பலகை கிடையாது. தட்டி விழவைக்க வழியில்லை. பந்தைப் பிடித்து மூன்று செக்கனுக்குள் எறிய வேண்டும், எதிரணிப் பெண்ணோ 0.9 மீற்றர் தள்ளி நின்று கைகளை நீட்டி மறைப்பார். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் இத்தனைக்கும் நடுவே 348 கோல்கள் போட்டார். எறிந்தவற்றில் நூற்றுக்கு 93 உள்ளே விழுந்தன. அந்தத் தொடரிலேயே அதிக கோல்கள் அவருடையவை. இலங்கை 16 அணிகளில் 15ஆவதாக வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நடுக்களத்தில் பந்து பறிபோகும் அணியில் கோல் அடிப்பவருக்குப் பந்தே அரிதாகத்தான் வந்து சேரும்.

இந்த விளையாட்டு பிறந்ததும் பெண்ணைக் கட்டுப்படுத்தும் எண்ணத்தோடுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்காகக் கூடைப்பந்தாட்டத்தை மாற்றி அமைத்தார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, ஒவ்வொருத்தியும் தன் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த எல்லைக்கோடுகள் இன்றும் களத்தில் இருக்கின்றன. கோல் போட இருவருக்கு மட்டுமே உரிமை. அவர்களும் வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் நின்றே எறிய வேண்டும். உயரே வரும் பந்தை எடுக்கத் தெரிந்த ஒருத்தி அங்கே நின்றால் ஆட்டமே அவளைச் சுற்றி நடக்கும். பெண்ணை அடக்கப் போட்ட கோட்டுக்குள் நின்றே தர்ஜினி ஆசியாவை ஆண்டார்.

2009இல், போர் முடிந்த அதே ஆண்டில், இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. 2018இலும் 2022இலும் மீண்டும் வென்றது. சிங்களப் பெண்கள் தூக்கிப் போட்ட பந்தை யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் உயரே எட்டிப் பிடித்தார். அன்று அவர் "நாட்டின் மகள்", நமக்கோ "எங்கள் பிள்ளை". உரிமை கொண்டாட எல்லோருக்கும் ஆசை.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் பயிற்சியை நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்புகிறோம். வெயிலில் நிறம் கறுக்கும், குட்டைப் பாவாடை போட வேண்டும், உயரமான பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று பெரியம்மாமார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அண்ணன் கிரிக்கெட் மட்டையோடு போகும்போது அதே வெயில் யாருக்கும் தெரிவதில்லை. பதினாறு வயதில் களத்தைவிட்டு எடுத்த பெண்ணுக்கு, பாதுகாப்பாளரின் கைகளுக்கு மேலாக எறியும் பழக்கம் பிறகு எங்கிருந்து வரும்? தர்ஜினியின் படத்தைப் பகிர்கிற பெற்றோர், மகளை உயர்தரம் முடியும்வரை பாடசாலை அணியில் இருக்க விடுங்கள். மாலைப் பயிற்சி நேரத்தில் டியூஷன் வைக்காதீர்கள் என்று ஆசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.