தண்டு சிவப்பா இருந்தா பசலையா?

“தண்டு சிவப்பா இருந்தா பசலை, பச்சையா இருந்தா தண்டுக்கீரை. அவ்வளவுதான்.”

தவறு. எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை பக்கம் தோரன் என்கிற பொரியலுக்கு வாங்கும் ‘சிவப்புச் சீரை’ என்ற கீரையே தண்டுக்கீரை இனம்தான், தண்டோடு இலையும் சிவப்பு. பசலையிலோ பச்சைத் தண்டுக்காரனும் உண்டு, சிவப்புத் தண்டுக்காரனும் உண்டு. ஆக, நிறத்தை விட்டுவிட்டு இலையைத் திருப்பிப் பாருங்கள். தண்டுக்கீரை இலை மெல்லியது, பளபளப்பு கிடையாது, நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் வளைந்து போவது அடிப்பக்கம் புடைத்து, விரலில் தட்டுப்படும். பசலை இலை தடிப்பு, மினுமினுப்பு, நரம்பு சதைக்குள் புதைந்த மாதிரி மங்கலாகத் தெரியும். இன்னும் சந்தேகமா? ஒரு இலையைக் கசக்குங்கள், கொழகொழவென்று வந்தால் பசலை. கொடியாகச் சுற்றி ஏறுவதும் அதுதான், தண்டுக்கீரை நிமிர்ந்து நிற்கும்.

பாலக் இந்தக் குழப்பத்தில் வரவே வேண்டாம், இலைகள் வேரடியிலிருந்தே நீண்ட காம்போடு கொத்தாகக் கிளம்பும். சந்தையில் காம்பு சிவந்த ‘பாலக்’ கட்டு கிடைத்தால் அது பீட்ரூட் இலையாக இருக்கலாம், இரண்டும் நெருங்கிய சொந்தம் (சமைக்கலாம், பயமில்லை). ஆனால் இரண்டிலை நாற்றைக் காட்டி எது என்று கேட்டால், நாலைந்து இலை விடும்வரை நானும் பொறுத்துத்தான் சொல்வேன்.