எல் போர்டு கார்ல பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிற மாமாவுக்கு என்ன பொறுப்பு?

எல் போர்டு மாட்டின கார் யார் மேலயாவது மோதிட்டா கூட்டத்துல யாராவது ஒருத்தர் "பாவம் கத்துக்கிட்டு இருக்கிற புள்ளைங்க, விடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. எனக்கு அந்தப் பேச்ச கேட்டாலே கோவம் வருது, ஏன்னா ரோட்டோரமா காலு உடைஞ்சு கெடக்கிறவருக்கு ஓட்டினவங்க இருபது வருஷம் ஓட்டினவங்களா இருந்தா என்ன, நேத்து கிளட்ச் மிதிக்கக் கத்துக்கிட்டவங்களா இருந்தா என்ன, எலும்பு ஒரே மாதிரிதான் உடையுது. மோட்டார் ஆக்ஸிடென்ட் கேஸ் நடத்துற வக்கீல் ஆஃபீஸ்ல ரொம்ப நாளா வேலை பாக்குறேன், அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

இங்கிலாந்துல 1971-ல தீர்ப்பான நெட்டில்ஷிப் எதிர் வெஸ்டன்னு ஒரு வழக்கு இருக்கு. ஒரு அம்மா வீட்டுக்காரரோட கார்ல ஓட்டப் பழகுறாங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் காசு வாங்காம சொல்லிக்கொடுக்க ஒத்துக்கிறார். ஒத்துக்கிறதுக்கு முன்னாடி அவர் கேட்டது, எனக்கு அடிபட்டா இன்ஷூரன்ஸ் இருக்கான்னு. மூணாவது பாடத்துல இடதுபக்கம் திரும்பினப்ப அந்த அம்மா ஸ்டீயரிங்க நேராக்காம இறுக்கிப் புடிச்சுட்டாங்க, இவர் ஒரு கையால ஹேண்ட்பிரேக்க இழுத்து இன்னொரு கையால ஸ்டீயரிங்க திருப்பப் பாத்தும் வண்டி நடைபாதையில ஏறி விளக்குக் கம்பத்துல மோதி இவருக்கு முழங்கால் சில்லு உடைஞ்சுது. கோர்ட் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, கத்துக்கிறவங்களுக்குன்னு தனியா குறைஞ்ச அளவுகோல் கிடையாது, நல்லா ஓட்டத் தெரிஞ்சவர் காட்டுற கவனத்த அவங்களும் காட்டணும், முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்ணேன்னு சொல்றது பதில் ஆகாது. ரெண்டாவது, பக்கத்துல இருந்தவரும் வண்டிய சேந்து கட்டுப்படுத்துறவர்தான், அதனால தப்புல பாதி அவருக்கும்னு நஷ்டஈட்ட பாதியா குறைச்சாங்க. இந்த ரெண்டாவது விஷயத்தத்தான் நம்ம வீடுகள்ல யாரும் யோசிக்கிறதே இல்ல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஒரு உதாரணத்துக்கு எல்.எல்.ஆர். வெச்சிருக்கிற 22 வயசுப் பொண்ணு, கார் அப்பா பேர்ல, பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுக்கிறவர் மாமான்னு வெச்சுக்கோங்க. சந்து முனையில திரும்பும்போது பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டாங்க, நேரா வந்த பைக்காரருக்குத் தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. போலீஸ் எஃப்.ஐ.ஆர். ஓட்டின பொண்ணு மேலதான், அந்த கிரிமினல் வழக்க வேற யாரும் அவங்களுக்காக தாங்க முடியாது. நஷ்டஈடு தனி விஷயம், அது மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகும். அங்க பைக்காரர் போடுற மனுல எதிர்மனுதாரரா மூணு பேர், ஓட்டினவங்க, ஆர்.சி.யில பேர் இருக்கிற ஓனர், இன்ஷூரன்ஸ் கம்பெனி. அப்பா அன்னைக்கு ஊர்லயே இல்லன்னாலும், வண்டிய ஓட்டக் குடுத்த ஓனர்ங்கிற முறையில அவர் பதில் சொல்லணும்.

இன்ஷூரன்ஸ் தரப்புல முன்னாடியெல்லாம் எடுத்தவுடனே சொல்றது எல்.எல்.ஆர். எல்லாம் லைசென்ஸே இல்ல, நாங்க குடுக்க மாட்டோம்ங்கிறது. சுவரன் சிங் வழக்குல 2004-ல சுப்ரீம் கோர்ட் அத அடைச்சிருச்சு, பழகுனர் உரிமமும் உரிமம்தான், அதுல இருக்கிற நிபந்தனைப்படி ஓட்டினா அடிபட்ட மூணாவது ஆளுக்குக் குடுக்கிறதுலருந்து கம்பெனி தப்பிக்க முடியாதுன்னு. ஆனா நிபந்தனைப்படிங்கிற எடத்துலதான் மாமா உள்ள வர்றார். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 3-வது விதி என்ன கேக்குதுன்னா, பழகுறவர் கூட சொல்லிக்கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்கணும், அவர்கிட்ட அந்த வண்டிய ஓட்டுறதுக்கான நடப்பு லைசென்ஸ் இருக்கணும், வண்டிய கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியிற எடத்துல உக்காந்திருக்கணும், முன்னாடியும் பின்னாடியும் வெள்ளையில சிவப்பு எல் இருக்கணும். டிரைவிங் ஸ்கூல் கார்ல இடதுபக்கமும் பிரேக் இருக்கும், நம்ம வீட்டுக் கார்ல அது இல்ல, மாமா கைக்கு எட்டுறது ஹேண்ட்பிரேக்கும் ஸ்டீயரிங்கும்தான். அதனால மாமா பின் சீட்ல குழந்தைய மடியில வெச்சுக்கிட்டு "பாத்துப் போமா"ன்னு சொல்லிட்டு இருந்தா, இல்ல அவர்கிட்ட டூவீலர் லைசென்ஸ் மட்டும்தான் இருந்துச்சுன்னா, இல்ல கார் லைசென்ஸ் காலாவதி ஆகி ரினியூவலே பண்ணலைன்னா, 3-வது விதிப்படி பொண்ணு தனியா ஓட்டின மாதிரிதான். வழக்கமான கார் பாலிசியில டிரைவர் பத்தின பகுதிய எடுத்துப் பாருங்க, எல்.எல்.ஆர். வெச்சிருக்கிறவங்க ஓட்டலாம், ஆனா 3-வது விதிய பூர்த்தி பண்ணணும்னு போட்டிருக்கும்.

மீறியிருந்தா என்ன ஆகும்னா, பைக்காரருக்கு வர வேண்டியது பெரும்பாலும் நிக்காது. மொதல்ல கம்பெனி குடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு தீர்ப்பாயம் உத்தரவு போடும். அதுக்கு கம்பெனி தனியா கேஸ் போட வேண்டியதில்ல, அதே தீர்ப்ப வெச்சே அப்பா மேல நிறைவேற்று மனு போடலாம். அடிபட்டவர் தெருவுல நிக்கக் கூடாதுங்கிறதுக்காக இந்த ஏற்பாடு, எனக்கு இது முழுசா சரின்னு படுது. அதே நேரம் கம்பெனி இஷ்டத்துக்குச் சொல்லவும் முடியாது, மீறல அவங்கதான் நிரூபிக்கணும், ஓனர் தெரிஞ்சோ அலட்சியமாவோ விட்டிருக்கணும், விபத்துக்கு அந்த மீறலும் ஒரு காரணமா இருந்திருக்கணும். மாமா ஒழுங்கா பக்கத்துல இருந்து, பின்னாடி எல் ஸ்டிக்கர் மட்டும் மழையில உரிஞ்சு விழுந்திருந்துச்சுன்னா அத வெச்சு கை கழுவ முடியாது. மாமா கூடவே இல்லாததுங்கிறது அப்படி இல்ல.

இதுல எனக்கு இருக்கிற வருத்தம் என்னன்னா, இவ்வளவும் மாமாவச் சுத்தித்தான் நடக்குது, ஆனா அவர் ஓனரா இல்லாத வரைக்கும் வழக்குல அவர் பேர் பெரும்பாலும் சாட்சியாத்தான் வருது. காலையில ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்துல பழக வேண்டிய பொண்ண சாயந்தரம் கடைத்தெருவுக்குள்ள விடச் சொன்னது அவர், போன்ல பேசிட்டே "லெஃப்ட்ல போ லெஃப்ட்ல போ"ன்னு சொன்னது அவர், கடைசியில எஃப்.ஐ.ஆர். பொண்ணு மேல, வசூல் அப்பாகிட்ட. அந்த இங்கிலாந்து தீர்ப்பு மாதிரி, சொல்லிக்கொடுக்கிறவரும் வண்டிய கட்டுப்படுத்துற ஆள்தான்னு எடுத்துக்கிட்டு, அவரோட கவனக்குறைவுக்கு அவர் பங்க பிரிச்சு வெக்கிறதுதான் நியாயம்னு நான் அழுத்தமா சொல்றேன். சொந்தக்காரர், காசு வாங்கலங்கிறது அந்தப் பங்க குறைக்கக் கூடாது.

சரி, மாமாவுக்கே அடிபட்டா? கார்ல தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான்னா, தனியார் கார்ல சும்மா ஏறி வர்ற ஆளுக்கு அதுல கவர் கிடையாது. அதனால அவர் கேக்கணும்னா மருமக கிட்டயும் மச்சான் கிட்டயும்தான் கேக்கணும், பொண்ணு பேர்ல எஃப்.ஐ.ஆர். இருக்கிற நேரத்துல எந்த மாமா அத கேப்பார், ஆஸ்பத்திரி பில்ல அவரே கட்டிட்டு சும்மா இருந்துடுவார். பேக்கேஜ் பாலிசியா இருந்தா கார்ல இருக்கிறவங்களும் அதுல வருவாங்க, ஆனா அங்கயும் இவர் தப்பு எவ்வளவுங்கிற கேள்வி வரும். கார் மாமா பேர்லயே இருந்தா அவர் ஓனர், தன் வண்டிக்குத் தானே மூணாவது ஆள் ஆக முடியாது, அவருக்குன்னு இருக்கிறது பாலிசியோட எடுக்கிற 15 லட்ச ரூபா பெர்சனல் ஆக்ஸிடென்ட் கவர்தான், அதுவும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். உடைஞ்ச முழங்கால் ஆபரேஷன் பண்ணி சரியாயிடுச்சுன்னா அதுலருந்து பைசா வராது.