சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைக்கலாமா?

"சேனைக்கிழங்கை முதல்லயே புளித்தண்ணியில போட்டு வேகவிடுங்க. சீக்கிரம் குழையும், தொண்டையும் அரிக்காது."

குழையாது. காய்களின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. அதனால் துண்டு விறைப்பாகவே நிற்கும். வாழைக்காய் புளிக்குழம்பில் நடுத்துண்டு நறுக்கென்று கடிபடுவதும் இதனால்தான்.

அரிப்புக்குக் காரணம் கிழங்கிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். புளி அரிப்பைக் குறைக்க உதவும், ஆனால் அரைவேக்காட்டுக் கிழங்கை அது காப்பாற்றாது.

அரை கிலோ சேனைக்குக் கையை ஈரமில்லாமல் வைத்து, எண்ணெய் தடவிக்கொண்டு, தோலைத் தடிமனாகச் சீவுங்கள். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக் கழுவி, மூழ்கும் அளவு கொதிநீரில் அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பெரிய துண்டின் நடுவில் கத்தியை இறக்கிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் வெந்தது. நடுவில் மாட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குழம்பில் சேர்க்க வேண்டாம். நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலை இப்போது ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

சாப்பிட்டபின் நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு முட்டினால், மோர் குடித்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.